லேப் ரிப்போர்ட்டில் யார் உதவினார்கள் என்று குறிப்பு எழுதும்போது

"நண்பர்கள் உதவினார்கள்" என்று மட்டும் எழுதினால் திருத்துபவருக்கு ஒன்றும் விளங்காது. யார், எந்தப் படியில் உதவினார்கள், அதற்குப் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று வர வேண்டும். பாளையங்கோட்டையில் என்னிடம் படித்த ஒரு பையன், வீட்டுக் கிணற்றுத் தண்ணீரின் கடினத்தன்மையை 0.01 மோலார் இ.டி.டி.ஏ. கொண்டு டைட்ரேஷன் செய்தான். ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தான்:

"மூன்று டைட்ரேஷனும் நானே செய்தேன். முதல் தடவை சிவப்பு முழு நீலமாக மாறும் இடம் பிடிபடவில்லை; சீனியர் அண்ணன் கூட நின்று காட்டினார். அந்த அளவைக் கணக்கில் சேர்க்கவில்லை. மற்ற இரண்டும் 6.2 மி.லி. முதலில் 10-ஆல் பெருக்கியிருந்தேன், 50 மி.லி. மாதிரிக்கு 20-ஆல் பெருக்க வேண்டும் என்று டியூஷன் அண்ணாச்சி சொன்னார். திருத்திப் போட்டேன்: லிட்டருக்கு 124 மி.கி. முடிவுரை நானே எழுதியது."

எனக்குப் பிடித்தது அந்த 10, 20 விஷயம்தான். வைவாவில் அதையே கேட்டேன், பதில் டக்கென்று வந்தது.

ஒரு ரீடிங்கையே வேறொருவர் எடுத்திருந்தால் கடைசிப் பக்கம் போதாது. டேபிளில் அந்த வரிசைக்கு நேரே குறியுங்கள். அன்றைக்கே எழுதிவிடுங்கள். ஒரு வாரம் போனால் யார் எதைச் சொன்னார்கள் என்பதே மறந்துபோகும்.