கடை பசங்களுக்கு இன்சென்டிவ்: கஸ்டமரை நச்சரிக்காத மாதிரி போடுறது எப்படி

திண்டுக்கல்ல சின்னதா ரெடிமேட் கடை வச்சிருக்கேன், கவுண்டர்ல நாலு பேர். முதல்ல அவங்கவங்க போடுற பில்லுக்கு 1% கமிஷன்னு குடுத்தேன். ரெண்டே மாசத்துல வாசல்லயே "அக்கா இங்க வாங்க"ன்னு ஆளுக்கொரு பக்கம் இழுக்க ஆரம்பிச்சாங்க, பிரிச்சுப் போட்ட துணிய மடிக்க ஆள் இல்ல, கர்சீப் கேட்டு வந்தவங்கள யாரும் திரும்பிக்கூட பாக்கல. நான் காசு வச்ச இடம் அப்படி, அவங்கள சொல்லி பிரயோஜனம் இல்ல.

இப்ப பண்றது இதுதான்.

1. சம்பளம், தீபாவளி போனஸ் ரெண்டையும் தொடாதீங்க. இது அதுக்கு மேல தர்ற காசு.

2. தனி ஆள் கணக்க விட்டுட்டு கடை மொத்த விற்பனைல 1% ஒரே பொதுத் தொகையா எடுத்து வைங்க. போன மாசம் 6,00,000 வித்துச்சு, திரும்பி வந்தது 40,000. மீதி 5,60,000க்கு 5,600 ரூபா.

3. அந்த திரும்பி வந்த சரக்குலதான் நான் மாட்டுனேன். முதல்ல எக்ஸ்சேஞ்ச், ரிட்டர்ன் எல்லாத்தையும் சேத்தே கழிச்சேன். வேணாத துணிய தலைல கட்ட மாட்டாங்கன்னு நெனச்சேன், அது நடந்துச்சு, ஆனா சைஸ் மாத்த வந்தவங்கள "டேக் கிழிஞ்சிருச்சு, மாத்த முடியாது"ன்னு திருப்பி அனுப்ப ஆரம்பிச்சுட்டாங்க. ரெகுலரா வர்ற ஒரு அம்மா போன் பண்ணி சொன்னப்பதான் எனக்கே தெரியும். இப்ப சைஸ், கலர் மாத்துனா கழிக்கிறதில்ல, வேணாம்னு திருப்பிக் குடுத்தா மட்டும்தான் கழிவு. அத வாங்குறதும் பில்லிங்ல இருக்கவர்தான், அவருக்கு இந்த பொதுத் தொகைல பங்கு இல்ல, தனியா ஒரு தொகை குடுத்துடுறேன். எங்க ரிட்டர்ன் டைம் 15 நாள், அதனால காசு 1ஆம் தேதி இல்ல, 20ஆம் தேதி.

4. பங்கு பிரிக்கிறது: 70%, அதாவது 3,920 ரூபா வந்த நாள் கணக்குக்கு. நாலு பேரும் சேந்து 98 நாள், ஒரு நாளைக்கு 40 ரூபா. 26 நாள் வந்தவங்களுக்கு 1,040.

5. மீதி 1,680 வேலைக்கு. வாரா வாரம் ஆளுக்கு மூணே டிக்: ராக் மடிச்சு இருக்கா, சைஸ் வரிசை சரியா இருக்கா, இல்லாத சரக்க நோட்டுல எழுதுனாங்களா. போன மாசம் மொத்தம் 40 டிக், ஒரு டிக்குக்கு 42 ரூபா. இந்த மூணாவது டிக் ரொம்ப முக்கியம், கேட்ட சைஸ் இல்லன்னா வேற எதையாவது திணிக்காம எழுதி வைக்க அதுதான் காரணம்.

எக்செல் வேணாம்னுதான் சொல்லுவேன். லாங் சைஸ் நோட்டுல எழுதி பில்லிங் பக்கத்துல தொங்க விடுங்க, அவங்களே கூட்டிப் பாக்கணும்.

அப்டேட்: நல்லா விக்கிறவங்களுக்கு இது நஷ்டம் இல்லையான்னு ஒருத்தர் கமெண்ட்ல கேட்டிருந்தார். ஆமா, நஷ்டம்தான். எங்க கடைலயும் ஒரு பொண்ணு அப்படி, அவளுக்கு சம்பளத்துலயே 1,000 ஏத்தி குடுத்தேன், பில் கணக்குக்கு திரும்பப் போகல. நகராத சரக்குக்கு பீஸுக்கு 20 ரூபா வைக்கலாமான்னும் கேட்டார். வேணாங்க, அத விலைல குறைச்சு போர்டு வைங்க.