கடல் தெரிந்தால் நெய்தலா? சினிமாப் பாட்டில் திணை பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

அலை வந்தால் நெய்தல், மலை வந்தால் குறிஞ்சி, வயல் வந்தால் மருதம். சினிமாப் பாட்டுகளை ஐந்திணைப்படி பிரித்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். பள்ளியில் மனப்பாடம் செய்த அட்டவணை அப்படி: இந்தப் பக்கம் நிலம், அந்தப் பக்கம் ஒழுக்கம். அட்டவணையில் தப்பில்லை. அதை எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது என்பதில்தான் கோளாறு.

ஒரு பாட்டுக்குள் இருப்பதைத் தொல்காப்பியம் மூன்றாகப் பிரிக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்துப் பூ, பறவை, மரம், உணவு, தொழில் எல்லாம் கருப்பொருள். காதலர் இருவருக்குள் என்ன நடக்கிறது என்பது உரிப்பொருள். கூடுவது குறிஞ்சி, பிரிவது பாலை, பொறுத்துக் காத்திருப்பது முல்லை, ஆற்றாமல் இரங்குவது நெய்தல், ஊடுவது மருதம். இதோடு, ‘உரிப்பொருள் அல்லன மயங்கவும் பெறுமே’ என்று ஒரு வரியையும் அந்த நூல் வைத்திருக்கிறது. நிலமும் பறவையும் கலந்து வரலாம், உரிப்பொருள்தான் பாட்டின் திணையைச் சொல்லும். நிலத்தைப் பார்த்துத் திணை முடிவு செய்கிறவர்கள் தவறவிடுவது இந்த ஒரு வரியைத்தான்.

எல்லோருக்கும் தெரிந்த பாட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். ‘யாயும் ஞாயும் யாரா கியரோ’ என்று தொடங்கும் குறுந்தொகை 40ஆம் பாட்டில் மலை இல்லை, அருவி இல்லை, தினைப்புனம் இல்லை, குறிஞ்சிப் பூவும் இல்லை. இருப்பது செம்மண்ணில் பெய்த மழைநீர் மட்டும். காட்சியை மட்டும் பார்க்கிறவர் செம்மண், மழை என்று முல்லைக்குப் போய்விடுவார். ஆனால் பாட்டு குறிஞ்சி. முதல் முறை கூடிய பிறகு, இவன் பிரிந்துவிடுவானோ என்று அவள் முகம் மாறுகிறது. அதைக் கண்டு அவன் சொல்லும் சொற்கள் இவை. கூடல்தான் இங்கே பொருள். மலையே இல்லாமல் குறிஞ்சி வந்துவிட்டது.

இன்னொரு பாட்டு இதற்கு நேர் எதிர். குறுந்தொகை 25, கபிலர் பாடியது. “யாரும் இல்லை, தானே கள்வன்” என்கிறாள் தலைவி. அவன் என்னோடு கூடிய அன்று வேறு யாரும் பக்கத்தில் இல்லை, அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? சாட்சி ஒன்றே ஒன்று: தினைத்தாள் போன்ற சின்னப் பச்சைக் கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்து நின்ற குருகு. குருகு நீர்ப்பறவை, நெய்தலிலும் மருதத்திலும் அடிக்கடி வருவது. ஆனாலும் பாட்டு குறிஞ்சிதான். குறிஞ்சிக்கு உரிய தினையைக் கபிலர் எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார் பாருங்கள்: அந்தப் பறவையின் காலில்.

இதே பாட்டு அடுத்த தவறையும் காட்டிக்கொடுக்கிறது. ‘குறிஞ்சி என்றால் இன்பம், பாலை என்றால் சோகம்’ என்று திணைக்கு ஓர் உணர்ச்சியை ஒட்டிவிடுவது. இந்தத் தலைவிக்கு இன்பமா? பயத்தில் நடுங்குகிறாள். கூடல் மட்டும் இல்லாமல், அதைச் சுற்றி வரும் நிமித்தங்களும் அந்தத் திணைக்குள் அடங்கும். இரவில் அவன் வரும் வழியில் யானை இருக்குமே என்ற பதற்றம், ஊர்ப் பேச்சு, திருமணம் தள்ளிப் போகும் கவலை என்று குறிஞ்சிப் பாட்டுகளில் பாதிக்குத் தூக்கம் கிடையாது. அதனால் ஊட்டியில் எடுத்த துள்ளல் டூயட் எல்லாம் குறிஞ்சி என்று எழுதும்போது கொஞ்சம் யோசிக்க வேண்டும். ராஜஸ்தான் மணல்மேட்டில் ஆடும் டூயட்டைப் பாலை என்பது இதைவிட மோசம். தொல்காப்பியம் பாலைக்குத் தனி நிலமே ஒதுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் இயல்பு திரிந்தால் அதுதான் பாலை என்கிறது சிலப்பதிகாரம். மணல் தேவையில்லை, பிரிவு வேண்டும்.

சரி, நிலமும் பறவையும் மாறலாம் என்றால் அவை வெறும் அலங்காரமா? அப்படி நினைப்பதும் தவறு. குறுந்தொகை 8ஆம் பாட்டில், ‘வயலோரத்து மாமரத்திலிருந்து பழுத்து விழும் பழத்தைக் குளத்து வாளை மீன் கவ்வும் ஊரன்’ என்று தலைவனைப் பற்றிப் பேச்சு வருகிறது. பேசுகிறவள் பரத்தை. மனைவி தன்னைப் பழித்தாள் என்று கேட்டு, அவள் காதுக்கு எட்டும்படி பேசுகிறாள். வாளை மரம் ஏறவில்லை, பழத்தைப் பறிக்கவும் இல்லை. பழம் தானாக வந்து விழுந்தது. உன் புருஷனை நான் ஒன்றும் இழுக்கவில்லை என்பதை ஒரு மீனை வைத்துச் சொல்லிவிட்டாள். இதுதான் உள்ளுறை. என் கணக்கில் சினிமாப் பாட்டு சங்கப் பாட்டிலிருந்து மிகக் குறைவாக எடுத்துக்கொண்டது இதைத்தான். நம் பாட்டுகளில் இயற்கை பெரும்பாலும் உவமையாக வரும், அல்லது கேமராவுக்குப் போய்விடும்.

சினிமா நன்றாகப் பிடித்துக்கொண்டது பொழுதை. மாலை நேரத்தில் தனியாக இருக்கும் பெண்ணின் பாட்டு எத்தனை படத்தில் வந்திருக்கும்! முல்லையின் பொழுது அது. இதிலும் வாய்ப்பாட்டை இறுக்கிப் பிடிக்க வேண்டாம், சங்கப் புலவரே அதைக் கிண்டல் செய்திருக்கிறார். வானம் சிவந்து முல்லை மலரும் நேரத்தை மட்டும் மாலை என்பவர்கள் மயங்கியவர்கள், துணை இல்லாதவர்களுக்கு விடியலும் மாலை, பகலும் மாலை என்கிறது குறுந்தொகை 234.

சங்கச் சொல் வந்தாலே அந்தத் திணையும் கூடவே வந்துவிட்டது என்று நம்புவதும் உண்டு. 1997இல் வந்த ‘இருவர்’ படத்தின் ‘நறுமுகையே’ பாட்டில் வைரமுத்து ‘யாயும் ஞாயும்’ பாட்டின் வரிகளை எடுத்தாண்டிருக்கிறார். அது காதலிலிருந்து காதலுக்கே வந்தது. ஆனால் அதே பாட்டில் வரும் ‘அற்றைத் திங்கள்’ அகப்பாட்டே இல்லை. அது புறநானூறு 112. தந்தை பாரியையும் பறம்பு மலையையும் இழந்த மகளிர், போன மாத நிலவில் தந்தை இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது, இந்த மாத நிலவில் இரண்டும் இல்லை என்று கையற்றுப் பாடியது. பாடலாசிரியர் அதைக் காதலுக்குத் திருப்பியது அவருடைய உரிமை, அழகாகவும் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ‘அற்றைத் திங்கள்’ சங்கக் காதல் பாட்டு என்று எழுதுவதுதான் தப்பு.

சங்கச் சொல் எதுவும் இல்லாத பாட்டில் திணை வந்து உட்கார்ந்திருப்பதும் நடக்கும். 1964இல் வந்த ‘படகோட்டி’யில் வாலி எழுதிய ‘தரைமேல் பிறக்க வைத்தான்’ அப்படி ஒன்று. பிழைப்புக்காக ஆண்கள் தண்ணீரில், கண்ணீரோடு பெண்கள் கரையில் என்று முதல் வரிகளிலேயே சொல்லிவிடுகிறது. கரையில் இருந்து இரங்குவது நெய்தலின் உரிப்பொருள். இங்கே கடல் பின்னணியாக மட்டும் நிற்கவில்லை, அந்த இரங்கலுக்குக் காரணமே கடல்தான். ஆனால் இதையும் அப்படியே நெய்தல் அகப்பாட்டு என்று சொல்ல முடியாது. அகத்தில் ஒருத்தியின் ஏக்கம் தோழியிடமோ நெஞ்சிடமோ பேசும். இங்கே பேசுவது ஒரு மீனவக் கூட்டத்தின் வாழ்க்கைப்பாடு. நெய்தலின் உணர்வு இருக்கிறது, அகத்தின் தலைவி இல்லை. இப்படிப் பாதி பொருந்தி நிற்கும் பாட்டுகள்தான் சினிமாவில் அதிகம். பொருந்துகிற பாதி எது என்று எழுதினால் போதும், மீதியைத் திணைக்குள் அழுத்த வேண்டியதில்லை.