நிராகரிப்பு மின்னஞ்சலைப் பிழைதிருத்துவது எப்படி?

ஆறு பேர் வேலை செய்யும் ஓர் அச்சகம். கணக்கர் பணிக்கு நேர்காணலுக்கு வந்த ஒரு பெண்ணுக்கு அனுப்ப முதலாளி எழுதிய வரைவு இது:

> அன்புள்ள ஐயா, கணக்கர் பணிக்கு விண்ணப்பித்தற்கு நன்றி. உங்கள் அனுபவம் எங்களை கவர்ந்தது. ஆனால் தாங்கள் இப்பணிக்குத் தகுதியற்றவர் என முடிவெடுக்கப்பட்டுள்ளது. விரைவில் உங்களைத் தொடர்புகொள்வோம்.

ஒற்றுப்பிழையில் கை வைக்காதீர்கள். நாளை நீக்கப்போகும் வாக்கியத்துக்கு இன்று ஒற்று போட்டு என்ன பயன்?

முதலில் பொருள். செய்தி மட்டும் புரிகிறதா என்று ஒருமுறை படியுங்கள். அனுபவம் கவர்ந்தது என்கிறார். அடுத்த வரியில் தகுதியற்றவர் என்கிறார். இரண்டும் ஒன்றாக நிற்காது. 'தகுதியற்றவர்' என்பது ஆளைக் குறித்த தீர்ப்பு; இங்கே சொல்ல வேண்டியதோ ஒரு பணிக்கான முடிவு. முதலாளியிடம் கேட்டேன். ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்து பழகிய வேறொருவர் கிடைத்தாராம். சரி, அதையே எழுதலாமே! 'முடிவெடுக்கப்பட்டுள்ளது' என்றால் யாரோ எங்கோ எடுத்த முடிவு போல இருக்கிறது. 'தேர்ந்தெடுத்துள்ளோம்' என்று பொறுப்பேற்பது நல்லது.

கடைசி வரிதான் உண்மையில் ஆபத்தானது. 'விரைவில் தொடர்புகொள்வோம்' என்றால் அந்தப் பெண் காத்திருப்பார். அப்படி எண்ணமில்லை என்றால் வரியை எடுத்துவிடுங்கள்.

அடுத்து விவரங்கள். 'ஐயா' பழைய மின்னஞ்சலிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது. எழுத்துப்பிழை திருத்தி இதைக் காட்டாது, ஏனென்றால் சொல்லில் பிழையே இல்லை. தன்விவரக் குறிப்பைத் திறந்து வைத்து, பெயரை முதலெழுத்தோடு அதிலுள்ளபடியே எழுதுங்கள். பணியின் பெயரை விளம்பரத்தோடு ஒப்பிடுங்கள்.

அப்புறம் எழுத்து. 'விண்ணப்பித்தற்கு' என்பதில் ஒரு 'த' விழுந்துவிட்டது. 'விண்ணப்பித்ததற்கு' என்பதே சரி. அடுத்தடுத்து ஒரே எழுத்து வந்தால் கண் தாண்டிப் போய்விடும், அதனால் விரலை வைத்து வாசியுங்கள். 'எங்களை கவர்ந்தது' என்பதில் 'ஐ' உருபுக்குப் பின் வல்லினம் மிகும்: 'எங்களைக் கவர்ந்தது'. 'உங்கள்', 'தாங்கள்' இரண்டும் கலந்திருக்கின்றன. எதுவானாலும் ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள். சிறு நிறுவனத்துக்கு 'நீங்கள்' போதும் என்பது என் கருத்து.

திருத்திய பின் (பெயருக்குக் கீழே) இப்படி வந்தது:

> கணக்கர் பணிக்கு விண்ணப்பித்து, நேர்காணலுக்கும் வந்ததற்கு நன்றி. உங்கள் அனுபவம் எங்களைக் கவர்ந்தது. எனினும், ஜிஎஸ்டி தாக்கலில் கூடுதல் அனுபவமுள்ள ஒருவரை இப்பணிக்குத் தேர்ந்தெடுத்துள்ளோம். உங்களைத் தேர்ந்தெடுக்க முடியாததற்கு வருந்துகிறோம்.

இனி வாய்விட்டு ஒருமுறை படியுங்கள். `To` பெட்டியை இதுவரை காலியாகவே விட்டிருக்க வேண்டும். பாதி திருத்தத்தில் கை தவறி அனுப்பிவிட முடியாது. முகவரியை இப்போது போடுங்கள். தேர்வாகாதவர்கள் பலர் என்றாலும் எல்லோரையும் ஒரே `To`-வில் அடுக்காமல் தனித்தனியாக அனுப்புங்கள். இல்லையென்றால் யார் யார் தேர்வாகவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.