கூட்ட நேர ஸ்கிரீன்ஷொட்: உறவுகளுக்கு நேரம் மாற்றிச் சொல்லும்போது விடக்கூடாத பிழைகள்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சூம் கூட்ட நேரத்தை ஒவ்வொரு நாட்டுக்கும் மாற்றிப் போடுகிற வேலை இப்போது இளையவர்கள் கைக்குப் போய்விட்டது. கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். ஆனால் நாங்கள் அந்தக் காலத்தில் விட்ட அதே பிழைகளை வரிசை மாறாமல் விடுகிறார்கள். கூட்டல் கழித்தலைப் பற்றிச் சொல்லப்போவதில்லை. அதைப் போன் பார்த்துக்கொள்ளும். போன் பார்த்துக்கொள்ளாத இடங்கள்தான் இவை.

படத்தில் இருப்பது யாருடைய மணிக்கூடு?

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும், ஆகவே கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

2025 மார்ச்சில் எங்கள் பழைய வீட்டுக் கூரையைப் பிரித்து மேய்வது பற்றிக் கதைக்க ரொறொன்ரோ அண்ணா ஒரு கூட்டம் வைத்தார். லண்டன் மச்சாள் தன் போன் கலண்டரில் அதைத் திறந்து, ஸ்கிரீன்ஷொட் எடுத்துக் குழுவில் போட்டாள். படத்தில் இருந்தது இவ்வளவுதான்: மார்ச் 15, சனிக்கிழமை, பிற்பகல் 1:00. ஊர்ப் பெயர் இல்லை. இங்கே யாழ்ப்பாணத்தில் இருந்த மருமகன், கூட்டம் வைப்பது கனடா அண்ணா, ஆகவே இது கனடா நேரம் என்று எடுத்துக்கொண்டான். ரொறொன்ரோவில் பிற்பகல் 1 மணி என்றால் சூரிச்சில் மாலை 6, யாழ்ப்பாணத்தில் இரவு 10:30, மெல்பேர்ணில் ஞாயிறு விடியற்காலை 4. கணக்கில் ஒரு பிழையும் இல்லை. தொடங்கிய இடம்தான் பிழை.

கலண்டரும் சரி, சூம் செயலியின் கூட்டப் பட்டியலும் சரி, பார்க்கிறவரின் போன் எந்த நேரத்தில் ஓடுகிறதோ அந்த நேரத்துக்கு மாற்றித்தான் காட்டும். கூட்டத்தைப் போட்டவர் எங்கே இருக்கிறார் என்பது அங்கே செல்லாது. லண்டன் போன் காட்டிய பிற்பகல் 1 மணி, லண்டன் 1 மணிதான். அண்ணா வைத்தது ரொறொன்ரோ காலை 9 மணிக்கு. அதாவது சூரிச்சில் பிற்பகல் 2, இங்கே மாலை 6:30, மெல்பேர்ணில் சனி நள்ளிரவு 12. அண்ணாவும் மச்சாளும் நேரத்துக்கு வந்து காத்திருந்தார்கள். மற்ற எல்லோருக்கும் நான்கு மணித்தியாலம் பிந்திய நேரம் போயிருந்தது. சூரிச் சித்தப்பா மாலை ஆறு மணிக்கு வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, "என்னை வேணுமெண்டே விட்டிட்டியள்" என்று குழுவை விட்டே வெளியேறினார். அவருடைய பங்குக் காசு இல்லாமல் கூரையில் கை வைக்க முடியாது. அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் அந்த ஆண்டு மழை வந்துவிட்டது.

சரி, ஊர்ப் பெயர் இல்லாத படத்தை எப்படிப் பிடிப்பது? முதலில் படத்தின் உச்சியைப் பாருங்கள். வெட்டாத ஸ்கிரீன்ஷொட் என்றால் போனின் மணிக்கூடு அங்கே இருக்கும். மச்சாளின் படத்தில் 20:10 என்று இருந்தது. அது இங்கே குழுவில் வந்து விழுந்தது இரவு 1:41க்கு. வித்தியாசம் ஐந்தரை மணித்தியாலமும் ஒரு நிமிடமும். மார்ச் நடுவில் நமக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால் இருப்பது லண்டன். சூரிச் நாலரை, ரொறொன்ரோ ஒன்பதரை. பத்து விநாடியில் தெரிந்திருக்கும்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. எடுத்த உடனே அனுப்பிய படத்துக்குத்தான் இந்த வழி சரிவரும். நேற்று எடுத்து இன்று அனுப்பியதென்றாலோ, வேறு குழுவிலிருந்து தள்ளிவிட்டதென்றாலோ வித்தியாசம் கன்னாபின்னாவென்று வரும். அப்படி வந்தால் ஊகிக்க வேண்டாம், படத்தை எடுத்தவரிடம் "உங்கள் போனில் இப்போது என்ன நேரம்?" என்று கேளுங்கள். அதைவிட நல்லது, கூட்டம் வைத்தவரிடம் படத்தை விட்டுவிட்டு அழைப்பின் எழுத்தை அப்படியே ஒட்டச் சொல்வது. சூம் தருகிற அழைப்பில் நேரத்துக்குப் பக்கத்திலேயே Eastern Time (US and Canada) என்று எழுதியிருக்கும். படத்தை அழகாக வெட்டுகிறேன் என்று பலர் வெட்டி எறிவதும் அந்தத் துண்டைத்தான்.

இன்னொரு அறிகுறியும் இருந்தது. மாற்றிய விடையில் மெல்பேர்ண் அக்காவுக்கு விடியற்காலை 4 மணி. அண்ணா அவளை அந்த நேரத்தில் எழுப்புகிற ஆள் இல்லை. யாராவது ஒருவருக்கு அப்படியொரு நேரம் விழுந்தால், அனுப்பாமல் நிறுத்தி முதல் எண்ணை மறுபடி பாருங்கள்.

இன்றைய வித்தியாசத்தை அடுத்த மாதத்துக்குப் போடுவது

போனில் உள்ள உலக மணிக்கூடு இன்றைய வித்தியாசத்தைத்தான் காட்டும். ரொறொன்ரோ மார்ச் இரண்டாம் ஞாயிறு ஒரு மணித்தியாலம் முன்னே போகும். லண்டனும் சூரிச்சும் மார்ச் கடைசி ஞாயிறுதான். இடைப்பட்ட வாரங்களில் லண்டனுக்கும் ரொறொன்ரோவுக்கும் வழக்கமான ஐந்து மணித்தியாலம் நான்காகச் சுருங்கிவிடும். மெல்பேர்ண் ஏப்ரல் முதல் ஞாயிறு பின்னே வரும். நாங்கள் மட்டும் அசைவதில்லை. ஆகவே கூட்டம் நடக்கும் திகதியைக் கொடுத்து மாற்றுங்கள். கூகுள் கலண்டரில் அந்தத் திகதியில் ஒரு நிகழ்வைப் போட்டு, நேர வலயத்தை ரொறொன்ரோ என்று தெரிவு செய்தால் உங்கள் நேரம் தானாக வரும்.

EST என்பதை நம்புவது

EST என்பது ரொறொன்ரோவின் குளிர்கால நேரம். ஆனால் கனடாக்காரர் கோடையிலும் அப்படித்தான் எழுதுவார்கள். ஊர்ப் பெயரை வைத்து மாற்றுங்கள்.

நள்ளிரவு 12ஐத் திகதியோடு மட்டும் எழுதுவது

மெல்பேர்ண் அக்காவின் சரியான நேரம் கலண்டர்ப்படி மார்ச் 16, ஞாயிறு, 12:00. இதை இப்படியே அனுப்பினால் அவள் ஞாயிறு மத்தியானம் வருவாள். இல்லையென்றால் ஞாயிறு இரவு வருவாள். நம் பெரியவர்களுக்கு இது இன்னும் குழப்பம். பஞ்சாங்கத்தில் கிழமை சூரிய உதயத்தில்தான் மாறும். அவர்கள் மனக்கணக்கில் விடியும்வரை சனிக்கிழமைதான். ஆகவே திகதி மாறுகிற ஆளுக்கு மட்டும் வரியை நீட்டி எழுதுங்கள்:

ரொறொன்ரோ: சனி 15, காலை 9:00
லண்டன்: சனி 15, பிற்பகல் 1:00
சூரிச்: சனி 15, பிற்பகல் 2:00
யாழ்ப்பாணம்: சனி 15, மாலை 6:30
மெல்பேர்ண்: ⚠ திகதி மாறுகிறது. சனி இரவு 11:55க்கு இணையுங்கள். தொடங்கும்போது ஞாயிறு 16 பிறந்திருக்கும்.

அந்த அடையாளத்தை எல்லோருக்கும் போட்டுவிட்டால் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள்.

"நாளைக்கு" என்று எழுதுவது

யாருடைய நாளை?

ஒருமுறை மாற்றியதையே ஒவ்வொரு கிழமையும் ஒட்டுவது

கூரைக் கூட்டம் பிறகு சனிக்கிழமை தோறும் ரொறொன்ரோ காலை 9 மணிக்கே நடந்தது. ஏப்ரல் 12ஆம் திகதி கூட்டத்துக்கு லண்டன் பிற்பகல் 2 ஆகிவிட்டது, சூரிச் 3. இங்கே அதே 6:30. மெல்பேர்ணில் சனி இரவு 11 மணி. திகதி மாற்றமே இல்லை. பழைய செய்தியை ஒட்டியிருந்தால் ⚠ அடையாளமும் அப்படியே நின்றிருக்கும், அக்கா கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம் பிந்தி வந்திருப்பாள். அக்டோபர் முதல் ஞாயிறு மெல்பேர்ண் மறுபடி முன்னே போகும். அதற்கு அடுத்த சனிக்கூட்டத்திலிருந்து அடையாளத்தைத் திரும்பப் போட வேண்டும்.