நூடுல்ஸ் படத்தைப் பார்த்து வகை சொல்வது எப்படி?

நாகர்கோவில் கடையில் வாங்கிய இன்ஸ்டன்ட், அரிசி, கோதுமை, முட்டை என நான்கு வகை நூடுல்ஸ் பாக்கெட்டுகளைப் பிரித்து ஒரு வரிசை, வேகவைத்த நான்கு கிண்ணங்களை எதிரே ஒரு வரிசை. அப்படி ஒரு படத்தை வைத்துக்கொண்டு பார்ப்போம்.

1. முதலில் வெளிச்சம். மஞ்சள் பல்பின் கீழே எடுத்தால் அரிசி நூடுல்ஸும் முட்டை நூடுல்ஸ் மாதிரி தெரியும். பகலில் ஜன்னலோரம் வைத்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள் போட்டு எடுங்கள். படத்தில் தாளே மஞ்சளாக இருந்தால் நிறத்தை விட்டுவிட்டு வடிவத்தை மட்டும் பாருங்கள்.

2. இன்ஸ்டன்ட்டை ஒதுக்குங்கள். இதுதான் எளிது. நெருக்கமாகச் சுருண்ட இழை, கட்டியாக இருக்கும். பெரும்பாலானவை எண்ணெயில் பொரித்துக் காயவைத்தவை என்பதால், படத்தைப் பெரிதாக்கினால் இழையின் மேல் பொடிப்பொடியாகக் கொப்புளங்கள் தெரியும். வெந்த பிறகும் அந்த நெளிவு முழுதாகப் போகாது. குழம்பில் எண்ணெய்த் துளிகள் மிதக்கும்.

3. அடுத்து அரிசி. காய்ந்த இழை கண்ணாடி போல ஒளியைக் கொஞ்சம் உள்ளே விடும். வெந்ததும் பால்வெள்ளையாகிவிடும். வெந்த பின்னும் கண்ணாடியாகவே இருந்தால் அது பெரும்பாலும் பாசிப்பயறு மாவுச்சத்தில் செய்த நூடுல்ஸ். மாவைப் பிடித்துவைக்கும் குளூட்டன் என்ற புரதம் அரிசியில் கிடையாது, அதனால் கிளறினால் இழை துண்டுதுண்டாக உடையும். சோயா சாஸ் ஊற்றிய கிண்ணத்தில் நிறம் உதவாது. உடைந்த துண்டுகளைத் தேடுங்கள்.

4. கோதுமையா, முட்டையா? இங்கேதான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். இரண்டுமே ஒளி புகாதவை, இரண்டுமே மைதாவில் செய்தவை. மஞ்சளாக இருப்பது முட்டை என்று முடிவு கட்டக் கூடாது. மாவில் சேர்க்கும், அமிலத்துக்கு எதிரான காரத்தன்மை உள்ள உப்பு மைதாவையே மஞ்சளாக்கும். சிலவற்றில் நிறமியும் உண்டு. எனவே இழையை விட்டுவிட்டு பாக்கெட்டின் குறியைப் பாருங்கள். பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் என்றால் முட்டை இல்லை. முட்டை சேர்ந்தால் நம் நாட்டு விதிப்படி அது அசைவம். பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் இருக்கும். சேர்மானப் பட்டியலில் முட்டைத்தூள் என்றும் போட்டிருப்பார்கள்.

நம் படத்தில் மூன்றாவது கிண்ணத்தில் முட்டைத் துணுக்குகள் கிடக்கின்றன. அதைப் பார்த்து முட்டை நூடுல்ஸ் என்று எழுதிவிடாதீர்கள். தட்டுக்கடையில் எக் நூடுல்ஸ் கேட்டால், சாதாரண கோதுமை நூடுல்ஸில் முட்டை உடைத்துக் கொத்தித் தருவதுதான் வழக்கம். துணுக்கு வேறு, இழை வேறு. இழை என்ன என்பதை எதிரே இருக்கும் பாக்கெட்டின் குறிதான் சொல்லும்.

பாக்கெட் இல்லாமல் வெந்த கிண்ணம் மட்டும் இருந்தால், கோதுமையையும் முட்டையையும் படத்தில் பிரிக்க முடியாது. விரதம் இருப்பவருக்கோ முட்டை ஒவ்வாதவருக்கோ அந்தப் படத்தை நம்பிப் பதில் சொல்லாதீர்கள். சமைத்தவரிடம் பாக்கெட்டைக் காட்டச் சொல்லுங்கள்.