தலைவலிக்கு 'ரெண்டு ஊசி': எங்கே தவறு நடக்கிறது?

எங்கள் தெருவில் ஒரு அக்கா, வயது 42. சேலத்துக் கொலுசுப் பட்டறை ஒன்றில் நாள் முழுக்கக் குனிந்து வளையம் கோக்கும் வேலை. முதலில் மாதம் இரண்டு முறை ஒரு பக்கமாகத் தலை வலிக்கும், கூடவே குமட்டும். பஸ் ஸ்டாப் பக்கத்துக் கிளினிக்கில் 'ரெண்டு ஊசி' போட்டால் அரை மணி நேரத்தில் விட்டுவிடும். ஒன்றரை வருடத்தில் அது வாரம் மூன்று தடவையானது.

அவர் ஒரு நாளும் ஊசியின் பெயரைக் கேட்கவில்லை. சீட்டும் தரவில்லை. பிறகுதான் தெரிந்தது, ஒன்று டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்து, மற்றொன்று டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. முன்னது அடிக்கடி போனால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும். இது பலருக்கும் தெரியும். தெரியாதது இன்னொன்று: மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ வலிமருந்து எடுத்து, அது மூன்று மாதத்தைத் தாண்டினால், அந்த மருந்தே தலைவலியை உண்டாக்கலாம். காலையில் கண் விழிக்கும்போதே தலை வலிக்கிறது, ஊசி போட்டால் விடுகிறது, மறுநாள் திரும்ப வருகிறது என்றால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். அக்காவோ பழைய வலி முற்றிவிட்டது என்று நினைத்து ஊசியைக் கூட்டிக்கொண்டே போனார்.

ஸ்டீராய்டால் முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது. பயந்துபோய் ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தினார். எல்லாவற்றையும்விட ஆபத்தான தவறு இதுதான். டெக்ஸாமெத்தசோன் 8 மில்லிகிராம் ஊசி ஒன்றில், சிறுநீரகத்தின் மேல் இருக்கும் நம் அட்ரினல் சுரப்பி ஒரு நாளில் சுரக்கும் கார்டிசால் என்ற இயற்கை ஸ்டீராய்டைப் போலச் சுமார் பத்து மடங்கு வீரியம் இருக்கிறது. வெளியிலிருந்து இவ்வளவு வந்துகொண்டே இருந்தால் சுரப்பி தன் வேலையை விட்டுவிடும். திடீரென நிறுத்தும்போது அது உடனே எழுந்து வேலை செய்யாது. நான்காம் நாள் அக்காவுக்கு வாந்தி, மயக்கம், எழுந்து நிற்கக்கூட முடியாத சோர்வு. பெரியாஸ்பத்திரியில் பார்த்தபோது ரத்த அழுத்தம் 80/50.

காலையில் ரத்தம் எடுத்து கார்டிசால் அளவு பார்த்தார்கள். மிகக் குறைவு. ஸ்டீராய்டு மாத்திரையாகவே கொடுத்து, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். அதனால் நீண்ட நாள் ஊசி போட்டவர்கள் தாங்களாக நிறுத்தாமல், எத்தனை மாதம், வாரத்துக்கு எத்தனை என்ற கணக்கோடு பொது மருத்துவரிடம் போக வேண்டும்.

வலிமருந்தையும் மருத்துவர்கள் நிறுத்தினார்கள். முதல் பத்து நாள் வலி முன்னைவிட மோசமாக இருந்தது. பலர் இந்த இடத்தில்தான் மறுபடி கிளினிக்குக்குப் போய்விடுகிறார்கள். அக்கா போகவில்லை, ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கும் மாத்திரையைத் தினமும் இரவில் சாப்பிட்டு, வலி வந்த நாளைக் காலண்டரில் சுழித்துக்கொண்டு வந்தார். முதல் மாதம் 22 சுழி இருந்தது. நான்காம் மாதம் ஐந்து.