சட்டப் பிராப்ளம் விடையை ஐராக் முறையில் திருத்துவது: ஒரு பத்தமடைப் பாய்க் கணக்கை வைத்து

பாளையங்கோட்டைப் பக்கம் சட்டம் படிக்கிற பிள்ளைகள் பரீட்சைக்கு முன்னால் ஒருத்தர் விடையை ஒருத்தர் திருத்திக்கொள்வது வழக்கம். எங்கள் குழுவிலும் அப்படித்தான். சட்டம் தெரிந்தவர்கள்கூட அடுத்தவர் பேப்பரைக் கையில் வாங்கியதும் "நல்லாத்தான் எழுதியிருக்க, 7 போடலாம்" என்று முடித்துவிடுகிறார்கள். அந்த 7 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. ஐராக் முறையின் எழுவினா, விதி, பொருத்தல், முடிவு என்ற நாலு பகுதியும் என்னவென்று உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு, திருத்துவதை மட்டும் சொல்கிறேன்.

எடுத்துக்கொண்ட பிராப்ளம் இது. பத்தமடையில் பாய் வியாபாரம் செய்யும் முத்தையா, தென்காசிக் கடைக்காரர் இசக்கிக்கு 100 பாய் தருவதாக விலை சொல்லி ஜூன் 1-ந் தேதி கடிதம் போடுகிறார். கடிதம் 3-ந் தேதி இசக்கிக்குக் கிடைக்கிறது. 4-ந் தேதி முத்தையா மனம் மாறி, 'பாய் தர இயலாது' என்று இன்னொரு கடிதம் போடுகிறார். அது தெரியாத இசக்கி 5-ந் தேதி காலையில் 'சம்மதம்' என்று எழுதித் தபால் பெட்டியில் போடுகிறார். 6-ந் தேதி முத்தையாவின் இரண்டாவது கடிதம் இசக்கிக்கு வருகிறது. 7-ந் தேதி இசக்கியின் சம்மதக் கடிதம் முத்தையாவுக்கு வருகிறது. ஒப்பந்தம் உண்டா?

முதல் வேலை, பேப்பரைத் தொடுவதற்கு முன் தேதிகளை ஒரு துண்டுச் சீட்டில் வரிசையாக எழுதிக்கொள்வது. கையெழுத்து விடையில் 5-ஐ 6 ஆக்கி, பிறகு மேலேயே திருத்தி எழுதியிருப்பார்கள். இந்தப் பிராப்ளத்தில் ஒரு தேதி மாறினால் விடையே தலைகீழாகிவிடும். இலக்கம் மங்கலாக இருந்தால் அந்த வரியை மட்டும் பார்த்து ஊகிக்காதீர்கள். அதே தேதி விடையில் இன்னொரு இடத்தில் வந்திருக்கும், அதோடு ஒப்பிடுங்கள். அடித்துவிட்ட வரிக்கு மதிப்பெண் கிடையாது. ஓரத்தில் நட்சத்திரக் குறி போட்டு நுழைத்த வரியை அதற்குரிய இடத்தில் வைத்து வாசிக்க வேண்டும்.

சிவப்புப் பேனா வேண்டாம். சிவப்பில் போட்டதை மாற்ற மனசு வராது, பேப்பரும் ரணகளமாகிவிடும். பென்சில் போதும். முழு விடையையும் ஒரு தடவை சும்மா வாசியுங்கள். இரண்டாவது தடவை ஓரத்தில் எ, வி, பொ, மு என்று குறித்துக்கொண்டே போங்கள். எந்த எழுத்தும் பொருந்தாத வரிக்கு ஒரு கோடு மட்டும். பத்து மதிப்பெண்ணில் எழுவினாவுக்கு 2, விதிக்கு 3, பொருத்தலுக்கு 4, முடிவுக்கு 1 என்பது என் பங்கீடு. உங்கள் வாத்தியார் வேறு மாதிரி சொன்னால் அதையே வையுங்கள்.

எழுவினாவை விரைவாகப் பார்த்துவிடலாம். 'ஒப்பந்தம் உண்டா?' என்று மட்டும் எழுதினால் 1. கேள்வித்தாளே அதைத்தான் கேட்கிறது. '4-ந் தேதி அனுப்பிய விலக்கல், 5-ந் தேதி அனுப்பிய ஏற்புக்கு முன் செல்லுபடியாகுமா?' என்று சண்டை நடக்கும் புள்ளியைத் தொட்டிருந்தால் 2.

விதிக்கு இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 4, 5 பிரிவுகள் இரண்டும் வேண்டும். பிரிவு 4-இன்படி, ஏற்பவர் தன் ஏற்பைத் தன் கட்டுப்பாட்டுக்கு அப்பால் போகும்படி அனுப்பிவிட்டால், முன்மொழிந்தவரைப் பொறுத்தவரை ஏற்பு முழுமை அடைந்துவிடும். ஏற்பவரைப் பொறுத்தவரை அது முன்மொழிந்தவருக்குத் தெரியவரும்போதுதான் முழுமை அடையும். விலக்கலும் அப்படித்தான்: அனுப்பியவரைப் பொறுத்தவரை அனுப்பியதும், பெறுபவரைப் பொறுத்தவரை அவருக்குத் தெரியவரும்போதும். ஏற்பு முன்மொழிந்தவரைப் பொறுத்தவரை முழுமை அடையும் முன் எந்த நேரமும் முன்மொழிவை விலக்கிக்கொள்ளலாம் என்பது பிரிவு 5. பிரிவு எண் தப்பி, விதி சரியாக இருந்தால் நான் அரை மதிப்பெண்தான் குறைப்பேன். எண் சரி, விதி இல்லை என்றால் பூஜ்யம்.

இனி பொருத்தல். பெரும்பாலோர் சறுக்குகிற இடம் இதுதான், எழுதுபவரும் திருத்துபவரும் சேர்ந்தே. இந்த மூன்று வரிகளையும் பாருங்கள்.

'இசக்கி 5-ந் தேதி சம்மதக் கடிதம் போட்டார், 6-ந் தேதிதான் அவருக்கு முத்தையாவின் கடிதம் வந்தது, எனவே ஒப்பந்தம் ஏற்பட்டது.'

'ஏற்பு தபாலில் சேர்ந்ததும் முன்மொழிந்தவர் கட்டுப்படுவார் என்பதால் இந்த வழக்கிலும் அவர் கட்டுப்படுவார்.'

'5-ந் தேதி காலை தபால் பெட்டியில் போட்டதும் கடிதம் இசக்கியின் கையை விட்டுப் போய்விட்டது, ஆகவே முத்தையாவைப் பொறுத்தவரை ஏற்பு அப்போதே முழுமை அடைந்தது; விலக்கல் இசக்கிக்குத் தெரிந்ததோ 6-ந் தேதி, அதனால் அது காலம் கடந்தது.'

மூன்றிலும் 'எனவே', 'என்பதால்', 'ஆகவே' என்று ஏதோ ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்ததும் 'பொ' போடக் கை துறுதுறுக்கும். போடாதீர்கள். பெயர்களையும் தேதிகளையும் விரலால் மறைத்துப் பாருங்கள். மறைத்த பிறகும் வரி குறையில்லாமல் நின்றால் அது விதியைத் திருப்பிச் சொன்ன வரி. இரண்டாவது வரி அப்படி. அடுத்து சட்டச் சொற்களை மறைத்துப் பாருங்கள். அப்போதும் கதை முழுசாக நின்றால் கேள்வித்தாளைப் பார்த்து எழுதிய வரி. முதல் வரி அப்படி. எதை மறைத்தாலும் வரி நொண்டினால் அதுதான் பொருத்தல். மூன்றாவது வரியில் 'தபால் பெட்டியில் போட்டது' என்ற நிகழ்வும் 'கட்டுப்பாட்டுக்கு அப்பால்' என்ற விதியும் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருக்கின்றன. அதற்கு 4-க்கு 4 தரலாம். முதல் வரிக்கு 1, இரண்டாவதுக்கும் 1.

முடிவுக்கு வளவள வேண்டாம். 'ஒப்பந்தம் உண்டு, முத்தையா கட்டுப்பட்டவர்' என்றால் போதும். 'எனவே நீதிமன்றம் தக்க தீர்ப்பு வழங்கும்' என்று முடித்திருந்தால் பூஜ்யம்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு ஒரு தங்கச்சி கேட்டாள்: "அண்ணே, விதியையே தப்பா எழுதிட்டு, அந்தத் தப்பு விதியை ஒழுங்காப் பொருத்தியிருந்தா என்ன செய்ய?" நல்ல கேள்வி, அடிக்கடி வருகிறது. ஏற்பு முத்தையாவைச் சேர்ந்த 7-ந் தேதிதான் அவரைக் கட்டும் என்று ஒருவர் எழுதிவிடுகிறார். அதன்படி 6-ந் தேதி இசக்கிக்குத் தெரிந்த விலக்கல் முந்திவிடும், ஒப்பந்தம் இல்லை என்று முடிக்கிறார். ஏற்பவருக்குரிய பாதியை முன்மொழிந்தவர் மேல் போட்டதுதான் தப்பு. அந்தத் தப்புக்கு விதியில் 2 மதிப்பெண்ணைக் குறைத்துவிடுங்கள், அதோடு சரி. பொருத்தல் அவர் எழுதிய விதியோடு ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்த்து 4 வரை தரலாம். முடிவு அந்தப் பொருத்தலிலிருந்து வந்திருந்தால் அந்த 1-ஐயும் தந்துவிடலாம். ஒரே பிழைக்கு மூன்று இடத்தில் வெட்டக் கூடாது. வெட்டிய இடத்தின் ஓரத்தில் 'பிரிவு 4, யாரைப் பொறுத்தவரை?' என்று எழுதிவிடுங்கள். வெறும் தப்புக்குறி போட்டால் எந்தப் பாதி மாறிப்போனது என்று அவருக்குத் தெரியாது.